கர்ப்ப காலத்தில் மீன்: மும்பைச் சந்தையில் எதை வாங்கலாம், எதை விடலாம்?

மும்பைத் தமிழ் வீடுகளில் ஒரு பெண் உண்டானதும் மீனைப் பற்றி இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று, "மீன் சூடு, குழந்தை பிறக்கும்வரை தொடாதே" என்பது. இன்னொன்று, தூத்துக்குடியிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ பேறுகாலத்துக்கு வந்து இறங்கும் பெரியவர்களுடையது: "பிள்ளை பெத்தவளுக்குப் பால் சுறா இல்லாம எப்படி?" முதல் பேச்சைக் கேட்டால் குழந்தையின் மூளைக்கு வேண்டிய கொழுப்பு குறைகிறது. இரண்டாவதைக் கேட்டால் பாதரசம் அதிகமாகச் சேரும் மீன்களில் ஒன்று தட்டுக்கு வந்துவிடுகிறது. எந்த மீன், எவ்வளவு என்று தெரிந்துகொண்டால் இரண்டையும் தவிர்த்துவிடலாம். தாராவி, செம்பூர், மாட்டுங்கா பக்கம் சந்தையில் கிடைப்பதை வைத்தே சொல்கிறேன்.

முதலில், பாதரசம் மீனுக்குள் எப்படி வருகிறது

நிலக்கரி எரிப்பதாலும் தொழிற்சாலைக் கழிவாலும் எரிமலைகளாலும் பாதரசம் கடலில் போய்ச் சேர்கிறது. அடிச்சேற்றில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. வில்லங்கம் இந்த வடிவத்தில்தான். நுண்ணுயிரை மிதவை உயிரி தின்கிறது, அதை மத்தி தின்கிறது, மத்தியை வஞ்சிரம் தின்கிறது, வஞ்சிரத்தைப் பெரிய சுறா தின்கிறது. ஒவ்வொரு படியிலும் முந்தைய படியில் சேர்ந்தது மொத்தமாக ஏறிக்கொண்டே போகிறது. மீன் எத்தனை வருடம் உயிரோடு இருந்ததோ அத்தனை வருடச் சேமிப்பும் அதன் உடம்பில்தான் இருக்கும்.

ஆகவே சந்தையில் நிற்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டே. இந்த மீன் மற்ற மீன்களைத் தின்று வாழ்வதா? முழு வளர்ச்சியில் இது எவ்வளவு பெரிதாகும்? பெயர் தெரியாத மீன் கூடையில் கிடந்தாலும் இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால் முடிவெடுத்துவிடலாம்.

மெத்தில் பாதரசம் மீனின் தசைப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் தோலை உரித்தாலும், கொழுப்பை வெட்டி எறிந்தாலும், மஞ்சள் போட்டு நாலு தண்ணீரில் கழுவினாலும் அது போகாது. புளியில் ஊறவைத்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் அதே கதைதான். பொரிக்கும்போது மீனிலிருந்து தண்ணீர்தான் போகிறது. அதனால் அதே எடைத் துண்டில் பாதரசத்தின் அளவு கொஞ்சம் கூடவே இருக்கும். "நல்லா அலசிட்டேன், இனி பயமில்லை" என்ற பேச்சு கிருமிக்குப் பொருந்தலாம், பாதரசத்துக்குப் பொருந்தாது.

வயிற்றுப் பிள்ளைக்கு ஏன் இத்தனை கவனம்? மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகிறது, தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடக் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில் கூடுதலாகவே சேர்கிறது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிச்சத்துக்கு வந்த நோயில், தாய்மார்கள் பலர் லேசான அறிகுறிகளோடு இருக்க, அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் கடுமையான மூளைப் பாதிப்போடு பிறந்தார்கள். அது தொழிற்சாலைக் கழிவு நேராக வளைகுடாவில் கொட்டியதால் வந்தது. வாரம் ஒருமுறை மீன் வாங்குகிறவருக்கு அப்படி நடக்காது. ஆனால் தாயைவிடக் குழந்தைதான் எளிதில் பாதிக்கப்படும் என்பதை உலகம் தெரிந்துகொண்டது அங்கிருந்துதான்.

சந்தைக்குப் போகும் முன் பெயர்களை ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்

மாட்டுங்கா மேற்கில் சிட்டிலைட் பக்கத்துச் சந்தையிலோ, சாசூன் டாக்கிலோ கோலிப் பெண்கள் சொல்வது மராத்திப் பெயர். ஊரிலிருந்து வந்த அத்தைக்குத் தெரிந்தது தமிழ்ப் பெயர். நடுவில் குழப்பம் வந்தால் தவறான மீன் பையில் ஏறிவிடும்.

தர்லி என்றால் நம் மத்தி, சாளை. பாங்டா என்றால் கானாங்கெளுத்தி, சிலர் அயிலை என்பார்கள். மாந்தேலி நெத்திலிக் குடும்பத்துச் சின்ன மீன். போம்பில்தான் ஊரே பாம்பே டக் என்று சொல்லும் கொழகொழ மீன். பாப்லேட் வெள்ளை வவ்வால், ஹல்வா கருப்பு வவ்வால். ராணி என்பது சங்கராவின் இனம். கோளம்பி இறால். ராவஸ் காலா மீன். சில கடைகளில் இதையே இந்தியன் சால்மன் என்று எழுதி வைப்பார்கள், சால்மனுக்கும் இதற்கும் உறவு கிடையாது. சுர்மய் வஞ்சிரம். கூப்பா சூரை. கடைசியாக மோரி, முஷி. இரண்டுமே சுறாதான். தோலை உரித்துத் துண்டு போட்டு வெள்ளையாக வைத்திருக்கும்போது பார்த்தால் சுறா என்று அடையாளமே தெரியாது, அதனால் பெயரைக் கேட்காமல் துண்டு மீன் வாங்க வேண்டாம்.

தாராளமாகச் சாப்பிடக் கூடியவை

மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி, மாந்தேலி, இறால், வவ்வால், போம்பில் ஆகியவற்றோடு குளத்து மீன்களான ரோகு, கட்லா, ஜிலேபிக் கெண்டை. இவை எல்லாம் சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் பிடிபடுகிறவை, அல்லது உணவுச் சங்கிலியில் கீழே இருக்கிறவை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளியிட்ட சராசரி அளவுகளின்படி ஒரு கிராம் மத்தி இனத்து மீனில் சுமார் 0.013 மைக்ரோகிராம் பாதரசம், இறாலில் 0.009, சுறாவில் சுமார் 0.98. அரபிக் கடல் மீனுக்கு இதே எண்கள் அச்சாகப் பொருந்தாது. ஆனால் மத்திக்கும் சுறாவுக்கும் எழுபது மடங்குக்கு மேல் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைப் பார்த்தாலே எது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

இந்தப் பட்டியலில் எனக்கு முதலிடம் மத்திக்கும் கானாங்கெளுத்திக்கும்தான். குழந்தையின் மூளையும் கண்ணும் வளர வேண்டிய டிஎச்ஏ என்ற ஒமேகா 3 கொழுப்பு இந்த எண்ணெய் மீன்களில்தான் அதிகம். ஏழாவது மாதத்துக்கு மேல் குழந்தை அதை வேகமாக எடுத்துக்கொள்கிறது. கர்ப்பிணிக்குத் தினமும் குறைந்தது 200 மில்லிகிராம் டிஎச்ஏ வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. வவ்வாலும் ரோகுவும் பாதரசத்துக்குப் பயமில்லாதவை, புரதத்துக்கு நல்லவை, ஆனால் டிஎச்ஏ கணக்கில் மத்திக்குப் பக்கத்தில் வராது. கிலோ வவ்வால் விற்கும் விலையில் வாரம் முழுக்க மத்தி வாங்கலாம். வசதியானவர்கள் வீட்டில்தான் இந்த விஷயத்தில் குறை வைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும், மத்தியை ஏழைகளின் மீன் என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

மீனை அடியோடு நிறுத்துவதும் இழப்புதான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதித் தாய்மார்களைத் தொடர்ந்து கவனித்து 2007இல் வெளியான ஆய்வில், கர்ப்பத்தில் வாரம் 340 கிராமுக்குக் குறைவாக மீன், இறால் வகைகள் சாப்பிட்டவர்களின் குழந்தைகள் மொழித்திறன் சோதனையில் பின்தங்கும் வாய்ப்பு கூடுதலாகத் தெரிந்தது.

அளவோடு, மற்றும் வேண்டவே வேண்டாம்

வேண்டாம் என்று தயங்காமல் சொல்ல வேண்டியவை: எல்லா அளவுச் சுறாவும், வாள்மீன், மயில்மீன், பெரிய சூரை வகைகள். சின்னச் சூரையை எப்போதாவது ஒருமுறை சாப்பிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. டின் டியூனா வாங்குகிறவர்கள் சின்னச் சூரையில் செய்ததா என்று லேபிளில் பார்க்க வேண்டும், அதுவும் வாரம் ஒரு வேளைக்கு மேல் வேண்டாம்.

வஞ்சிரத்தில்தான் சண்டை வரும். வெளிநாட்டுப் பட்டியல்களில் கிங் மேக்கரல் தவிர்க்க வேண்டியது என்று இருக்கும். அது அட்லாண்டிக்கில் வாழும் ஒரு இனம். நம் வஞ்சிரம் அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு இனம், அச்சு அசலாக அதுவே இல்லை. ஆனால் இதுவும் மீன் தின்னி, இரண்டு மீட்டர் தாண்டியும் வளரக் கூடியது. அதனால் என் முடிவு இது: ஒன்றிரண்டு கிலோவுக்குள் இருக்கும் சின்ன வஞ்சிரம் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு வேளை, ஒரு துண்டு. பத்துக் கிலோ மீனில் வட்ட வட்டமாக வெட்டி வைத்திருக்கும் தட்டு அகலத் துண்டு என்றால் பிள்ளை பிறந்து பால் மறக்கும்வரை அது வேண்டாம். துண்டின் விட்டத்தைப் பார்த்தாலே மீனின் வயதும் தெரிந்துவிடும். காலா, களவா, கடல் விரால் இவற்றுக்கும் இதே அளவுகோல்தான், சின்னதாக இருந்தால் வாரம் ஒரு வேளைக்குள்.

இன்னொன்று. கழிமுகத்தில் தூண்டில் போட்டுப் பிடித்த மீன் பக்கத்துவீட்டிலிருந்து வந்தால் மறுத்துவிடுங்கள். தானே நகரை ஒட்டிய கழிமுகத்தில் பாதரசம் சேர்ந்திருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சின்ன மீன் என்றாலும் அந்த நீரில் வளர்ந்தது நமக்கு வேண்டாம்.

ஒரு வீட்டின் வாரக் கணக்கு

செம்பூரில் என் நாத்தனார் மகள் ஐந்தாம் மாதத்தில் இருந்தபோது அவள் வீட்டு வார மெனுவை எழுதி வாங்கினேன். கர்ப்பத்துக்கு முன் அவள் எடை 55 கிலோ. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு வைத்திருக்கும் வரம்பு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் வாரம் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். அவளுக்கு அது 88 மைக்ரோகிராம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்கு இன்னும் கறார், அதன்படி வாரத்துக்குச் சுமார் 38தான்.

அவள் வாரம் இப்படி இருந்தது. ஞாயிறு வஞ்சிரம் வறுவல், சுமார் 150 கிராம். வஞ்சிர இனத்துக்கு அமெரிக்கப் பட்டியலில் இடத்தைப் பொறுத்து கிராமுக்கு 0.18 முதல் 0.45 வரை இருக்கிறது, ஆக 27 முதல் 68 மைக்ரோகிராம். புதன் கானாங்கெளுத்திக் குழம்பு 150 கிராம், கிராமுக்கு 0.05 என்று தாராளமாக வைத்தாலும் ஏழரை. வெள்ளிக்கிழமை தவிர்த்து எப்போது வாய்க்கு ருசி கேட்டாலும் சுறாக் கருவாடு, வாரத்தில் எல்லாம் சேர்த்து 50 கிராம். கருவாட்டில் தண்ணீர் போய்விட்டது, ஆகவே அது குறைந்தது 100 கிராம் பச்சைச் சுறாவுக்குச் சமம், பாதரசம் சுமார் 100. மொத்தம் 135 முதல் 175 வரை. இரண்டு வரம்பையும் தாண்டியாகிவிட்டது, அதில் பெரும்பங்கு "கொஞ்சூண்டு தொட்டுக்க" என்று நினைத்த கருவாட்டிலிருந்து.

மாற்றியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வேளை மத்திக் குழம்பு 120 கிராம், ஒரு வேளை கானாங்கெளுத்தி 120 கிராம், ஒரு வேளை இறால் தொக்கு 100 கிராம். பாதரசம் முறையே ஒன்றரை, ஆறு, ஒன்று. ஒன்பதைக்கூடத் தொடவில்லை. மொத்த மீன் 340 கிராம். வாரம் 225 முதல் 340 கிராம்வரை, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து என்ற அமெரிக்கப் பரிந்துரைக்குள்ளேயே வந்துவிட்டது. இதெல்லாம் சமைக்கும் முன், தலையும் முள்ளும் கழித்த சதை எடை. நடுத்தர மத்தி ஐந்தாறு எடுத்தால் 120 கிராம் சதை தேறும், கானாங்கெளுத்தி என்றால் ஒன்றோ ஒன்றரையோ போதும்.

வாங்கும்போதும் சமைக்கும்போதும்

மத்தி, கானாங்கெளுத்தி, சூரை மூன்றும் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, வாய் எரிந்து, தலைவலியும் வயிற்றுப்போக்கும் வரும். ஹிஸ்டமினும் கொதிக்க வைத்தால் போகாது. அதனால் காலையிலேயே போங்கள், ஐஸில் புதைந்திருப்பதை வாங்குங்கள். செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் குழியாமல் இருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை நிமிர்கிறதா என்று பாருங்கள். மத்தியின் வயிறு வெடித்திருந்தால் விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜ், கழுவுவதெல்லாம் அப்புறம்.

மகாராஷ்டிரத்தில் வழக்கமாக ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அந்த இரண்டு மாதம் வரும் கடல் மீன் பெரும்பாலும் வெளியூரிலிருந்தோ குளிர்பதனக் கிடங்கிலிருந்தோ வரும். ஈயே மொய்க்காமல், மீன் வாடையே இல்லாமல், மருந்து நெடியோடு விறைத்துக் கிடந்தால் ஃபார்மலின் போட்டிருக்கலாம். அந்தச் சமயம் ரோகு, கட்லா பக்கம் போவது நிம்மதி, கண்ணெதிரே வெட்டித் தருவார்கள்.

எண்ணெயில் முங்கப் பொரித்தால் டிஎச்ஏ கொஞ்சம் எண்ணெய்க்குப் போய்விடும். குழம்பு வைத்தால் போவதும் குழம்பில்தானே இருக்கிறது. உள்ளே வரை வெந்து சதை வெள்ளையாகி எளிதில் பிரிய வேண்டும். சூஷி மாதிரிப் பச்சை மீனும், குளிரூட்டிய புகைபோட்ட மீனும் லிஸ்டீரியா கிருமிக்காக வேண்டாம். மாத்திரை எடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டு மீன் எண்ணெய் மாத்திரை எடுக்கலாம். மீன் ஈரல் எண்ணெய் கூடாது, அதில் வைட்டமின் ஏ அதிகம், அது கருவுக்கு ஆகாது.

ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டால்

போன வாரக் கல்யாண வீட்டில் சுறாப்புட்டு சாப்பிட்டேன், என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றும் செய்ய வேண்டாம். வரம்புகள் எல்லாம் நீண்ட காலச் சராசரிக்குப் போட்டவை, ஒரு வேளைக்கு அல்ல. அடுத்த சில வாரங்கள் சின்ன மீனோடு இருந்தால் சராசரி இறங்கிவிடும். உடம்பைச் சுத்தம் செய்கிறேன் என்று விற்கும் பொடிகளை மட்டும் தொடாதீர்கள். உடம்பில் இருக்கும் மெத்தில் பாதரசம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 50 நாள் ஆகும். அதனால்தான் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே, மூன்று நான்கு மாதம் முன்பிருந்தே, சுறாவையும் பெரிய மீனையும் நிறுத்துவது நல்லது. வருடக்கணக்கில் வாரத்துக்குப் பலமுறை பெரிய மீன் சாப்பிட்டவர் என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள், ரத்தத்தில் பாதரசம் பார்க்கும் சோதனை இருக்கிறது.

பால் சுறாவுக்குப் பதில்

அத்தை பையில் பால் சுறாவோடுதான் வந்து இறங்குவார். "எங்க ஆத்தா காலத்துல இருந்து குடுக்கோம்லா, எல்லாரும் நல்லாத்தானே இருக்காவ?" என்பார். நியாயமான கேள்விதான். பால் சுறா சின்ன இனம், பெரிய சுறா அளவு பாதரசம் அதில் இருக்காது. ஆனாலும் அது மீன் தின்று வளர்வது, குட்டி போடுவது. சுறா இனங்கள் பலவற்றில் தாயின் உடம்புப் பாதரசம் குட்டிக்குப் போவதையும் கண்டிருக்கிறார்கள். அதனால் "குட்டிச் சுறாதானே" என்ற சமாதானம் முழுதாக நிற்காது. தாய்ப்பாலிலும் பாதரசம் இறங்குகிறது, நஞ்சுக்கொடி வழியாகப் போகும் அளவைவிடக் குறைவு என்றாலும். பால் ஊறுவதற்குச் சுறாதான் வேண்டும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. குழந்தை அடிக்கடி சப்பிக் குடிப்பதும், தாய் வயிறார நல்ல புரதத்தோடு சாப்பிடுவதும்தான் பாலைக் கூட்டும்.

புட்டு வேண்டாம் என்று சொல்லி அத்தையிடம் ஜெயிக்க முடியாது, புட்டு செய்து கொடுத்தால் முடியும். கானாங்கெளுத்தி அரைக்கிலோவை மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, தோலும் முள்ளும் நீக்கி உதிர்க்க வேண்டும். நடுமுள் எளிதாக வரும், ஓரத்துச் சிறு முள்ளைத்தான் விரலால் தடவித் தடவி எடுக்க வேண்டும். நல்லெண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் ஒரு கை, பூண்டு இருபது பல் போட்டு நிறம் மாறும்வரை வதக்கி, மிளகுத்தூளோடு மீனைப் போட்டு அடுப்பைக் குறைத்துக் கிளறினால் பொலபொலவென்று வரும். ரோகு, கட்லாவிலும் செய்யலாம், ஆனால் சிறு முள் அதிகம், பொறுமை வேண்டும். பூண்டும் மிளகும் இருக்கும்வரை பெரியவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

பாலூட்டும் காலம் முழுக்க இதே பட்டியலும் இதே அளவும்தான், வாரம் இரண்டு மூன்று வேளை. குழந்தைக்கு ஒரு வயது ஆன பிறகு இதே சின்ன மீன்களில் முள் இல்லாமல், வேளைக்கு முப்பது கிராம் அளவில், வாரம் இரண்டு வேளை கொடுக்கலாம்.